வெயிலில் நெடுநேரம் நின்ற பிள்ளை ஏன் மயங்கி விழுகிறது? அனிச்சை மயக்கம் நிகழும் விதம்

வெயிலில் வரிசையாக நெடுநேரம் நிற்கும் பதின்வயதுப் பிள்ளைகளில் ஒருவர் முகம் வெளுத்துச் சரிந்து விழுவது அரிதான நிகழ்ச்சி அல்ல. விழுந்தவர் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் கண் திறந்து, சுற்றி நிற்பவர்களை அடையாளம் கண்டு, என்ன நடந்தது என்று கேட்பார். அதற்குள் அங்கிருப்பவர்களில் ஒருவர் அது வலிப்பு என்பார், இன்னொருவர் காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்பார், செய்தி வீட்டை எட்டும்போது இதயத்தில் ஏதேனும் கோளாறு இருக்குமோ என்ற அச்சம் பெற்றோரைப் பற்றிக்கொள்ளும். இத்தகைய மயக்கங்களில் மிகப் பெரும்பாலானவை இம்மூன்றில் எதுவும் அல்ல. அவை அனிச்சை மயக்கம் என்னும் வகையைச் சேர்ந்தவை. மருத்துவச் சீட்டில் இது வேசோவேகல் மயக்கம் என்று எழுதப்பட்டிருக்கும்.

மூளைக்குச் செல்லும் ரத்தம் சில விநாடிகளுக்குப் போதாமல் போவதால் நினைவு தப்பி, உடல் தளர்ந்து விழுந்து, பிறகு மருந்து எதுவும் இல்லாமல் தானாகவே முழு நினைவு திரும்புவதைத்தான் மருத்துவத்தில் மயக்கம் என்கிறார்கள். ரத்தம் போதாமல் போவதற்குக் காரணம் இதயத்தின் பழுதாகவும் இருக்கலாம், பழுதே இல்லாத இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் நரம்பு மண்டலம் அனுப்பும் ஒரு தவறான கட்டளையாகவும் இருக்கலாம். இரண்டாவதாகச் சொன்னதே அனிச்சை மயக்கம். முதல் மயக்கம் பெரும்பாலும் வருவது பதின்வயதில்தான், அதிலும் 15 வயதை ஒட்டிய காலத்தில்தான். ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

நிற்பதற்கு உடல் கொடுக்கும் விலை

படுத்திருக்கும்போது இதயமும் மூளையும் கால்களும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருப்பதால், ரத்தம் எங்கும் தேங்காமல் சுற்றிவருகிறது. எழுந்து நின்றவுடன் புவியீர்ப்பு விசை தன் வேலையைத் தொடங்குகிறது. வளர்ந்த ஒருவர் எழுந்து நின்றால், அதுவரை மார்புப் பகுதியில் இருந்த ரத்தத்தில் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை வயிற்றின் கீழ்ப்பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. அதைத் தாங்கிக்கொள்பவை சிரைகள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் மெல்லிய சுவருடைய குழாய்கள். அவை எளிதில் விரிந்துகொடுக்கும் இயல்புடையவை என்பதால், கீழே இறங்கிய ரத்தம் உடலுக்குள்ளேயே இருந்தாலும் இதயத்துக்குக் கிடைக்காத ரத்தமாக மாறிவிடுகிறது. இதயத்துக்கு வந்து சேரும் ரத்தம் குறைந்தால், அது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தமும் குறைந்தே தீரும். கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டால், மோட்டார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழாயில் நீர் குறைந்துவிடுவதைப் போன்றதுதான் இது.

நிற்பவரின் மூளைக்கு இன்னொரு பாதகமும் உண்டு. அது இதயத்துக்கு மேலே 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், இதய மட்டத்தில் உள்ள ரத்த அழுத்தத்தைவிட மூளையின் மட்டத்தில் அழுத்தம் ஏறக்குறைய 20 மி.மீ. பாதரசம் குறைவாக இருக்கும். ரத்த அழுத்தம் சற்றே சரிந்தாலும் உடலின் உறுப்புகளில் முதலில் தவிப்பது மூளையாக இருப்பது இதனால்தான்.

இந்த நிலைமையைச் சமாளிக்க உடலில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கழுத்தில் மூளைக்குச் செல்லும் பெரிய தமனியிலும், இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் வளைவிலும், குழாய்ச் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் குறையத் தொடங்கிய சில விநாடிகளிலேயே அவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே முகுளம், பரிவு நரம்புகள் வழியாக ரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. அதே வேளையில், இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தி, துடிப்பை நிமிடத்துக்குப் பத்து இருபது வரை கூட்டுகிறது. நாம் நாள்தோறும் பலமுறை எழுந்து நிற்கிறோம் என்றாலும், இந்தத் திருத்தம் நம் கவனத்துக்கு வராமலே நடந்து முடிந்துவிடுகிறது.

இதற்குத் துணையாக இருப்பவை கால் தசைகள். நடக்கும்போதும் காலை அசைக்கும்போதும் கெண்டைக்கால் தசைகள் இறுகித் தமக்கிடையே உள்ள சிரைகளைப் பிழிகின்றன. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடுவதால், ஒவ்வொரு பிழிவும் ரத்தத்தை இதயத்தை நோக்கி ஏற்றுகிறது. அசையாமல் நிற்பவருக்கு இந்தத் துணை ஏறத்தாழ முழுவதுமாக நின்றுவிடுகிறது. நெடுநேரம் நடந்தவரைவிட நெடுநேரம் அசையாமல் நின்றவர் மயங்குவதற்கு இதுவே முதல் காரணம். முழங்காலை விறைப்பாக வைத்தால் அந்த மூட்டில் ரத்த ஓட்டம் தடைபட்டு மயக்கம் வரும் என்று சிலர் சொல்வதுண்டு. உண்மையில் மூட்டில் எதுவும் அடைபடுவதில்லை. முழங்கால் விறைத்திருக்கும்போது கால் தசைகள் வேலை செய்வதில்லை என்பதே அதில் உள்ள தீங்கு.

நேரம் செல்லச் செல்ல இன்னொரு இழப்பும் சேர்கிறது. கால்களில் தேங்கிய ரத்தத்தின் அழுத்தத்தால், ரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களின் சுவர் வழியாகச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் மெல்லக் கசிகிறது. அசையாமல் 20, 30 நிமிடங்கள் நின்றால் இந்தக் கசிவு குறிப்பிடத்தக்க அளவை எட்டிவிடும். நின்ற முதல் ஐந்து நிமிடத்தில் நன்றாக இருந்த பிள்ளை அரைமணி நேரத்துக்குப் பிறகு விழுவதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

வெப்பம் சேரும்போது

உடல் தன் சூட்டை வெளியேற்ற இரண்டு வழிகளை நம்பியிருக்கிறது. ஒன்று, சூடான ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புவது. மற்றொன்று, வியர்ப்பது. இரண்டுமே நிற்பவரின் ரத்த அழுத்தத்துக்கு எதிராக வேலை செய்பவை.

வளர்ந்த ஒருவர் இதமான சூழலில் ஓய்வாக இருக்கும்போது, தோல் முழுவதற்கும் சேர்த்து நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவான ரத்தமே செல்கிறது. கடும் வெப்பத்தில் இது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 5 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், தோல் எவ்வளவு பெரிய பங்கைக் கேட்கிறது என்பது விளங்கும். நிற்பதற்காக ரத்தக் குழாய்களைச் சுருக்கிவைக்க முகுளம் முயல்கிறது. வெப்பமோ தோலின் குழாய்களை விரித்துவைக்கச் சொல்கிறது. இந்த இரண்டு கட்டளைகளும் மோதும் இடத்தில்தான் வெயிலில் நிற்பவரின் உடல் இருக்கிறது. இதோடு வியர்வையாக வெளியேறும் நீர் ரத்தத்தின் மொத்த அளவையும் குறைத்துவிடுவதால், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் மேலும் சுருங்குகிறது.

பதின்வயதினரிடம் இந்தக் கணக்கு இன்னும் நெருக்கடியாக இருப்பதற்குச் சில எளிய காரணங்கள் உண்டு. மளமளவென்று உயரம் கூடும் வயதில் உடல் ஒல்லியாகவும் கால் தசைகள் மெலிந்தும் இருக்கலாம். கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பள்ளி நேரத்தில் நீர் அருந்தாமல் இருக்கும் பிள்ளைகள் பலர். மாதவிடாயில் மிகுதியாக ரத்தம் இழக்கும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்துகொள்ளலாம். சளிக்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறிய வாரத்தில், வழக்கமாகத் தாங்கும் நேரத்தைக்கூட உடல் தாங்காது.

ஒரு மாணவியின் நாற்பது நிமிடங்கள்

15 வயது மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். அவளுடைய எடை 45 கிலோ, எனவே உடலில் உள்ள ரத்தம் ஏறக்குறைய 3 லிட்டர். முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் அரைக் குவளை நீர் மட்டும் அருந்திவிட்டுப் பள்ளி விழாவுக்காக வெயிலில் வரிசையில் நிற்கிறாள். பின்வரும் எண்கள் இத்தகைய மயக்கம் எந்த ஒழுங்கில் நிகழும் என்பதைக் காட்டுவதற்கானவை. ஆளுக்கு ஆள் அவை மாறும்.

நிற்கத் தொடங்கும்போது அவளுடைய மேல் ரத்த அழுத்தம் 110, நாடித்துடிப்பு 80. பத்தாவது நிமிடத்தில் அழுத்தம் அப்படியே இருக்கிறது, நாடி மட்டும் 98-க்கு ஏறியிருக்கிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைந்துவிட்டதை, துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டி உடல் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. அவளுக்கு இன்னும் எந்தத் தொல்லையும் தெரியவில்லை. முப்பதாவது நிமிடத்தில் நாடி 120-ஐ எட்டுகிறது. வியர்வை சட்டையை நனைத்திருக்கிறது. இப்போது அழுத்தம் சீராக இருப்பதற்குக் காரணம் நிலைமை சீராக இருப்பது அன்று. உடல் தன் கையிருப்பில் உள்ள எல்லா உத்திகளையும் ஒரே நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்பதே காரணம். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு இந்த இரண்டுக்கும் இடையே எந்த வேறுபாடும் தெரியாது.

முப்பத்தாறாவது நிமிடத்தில் அவளுக்குக் கொட்டாவி வருகிறது. வயிற்றைப் பிரட்டுகிறது. உடலெங்கும் ஓர் அனல் பரவியதுபோல் இருக்கிறது, ஆனால் முகமும் உதடும் வெளுத்து, நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்புகிறது. பிறகு பார்வை மங்கலாகிறது. ஓரங்களிலிருந்து இருள் சூழ்ந்து வர, நடுவில் மட்டும் சிறிது வெளிச்சம் எஞ்சுகிறது. பேச்சொலிகள் தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்கின்றன. பார்வை முதலில் போவதற்குத் தெளிவான காரணம் உண்டு. விழிக்கோளத்துக்குள் எப்போதும் ஏறக்குறைய 15 மி.மீ. பாதரச அழுத்தம் இருப்பதால், அதை மீறித்தான் ரத்தம் விழித்திரைக்குள் நுழைய வேண்டும். ரத்த அழுத்தம் சரியும்போது, மூளையின் மற்றப் பகுதிகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கையிலேயே, விழித்திரைக்கு ரத்தம் போதாமல் போய்விடுகிறது. எனவே கண் இருண்டுவிட்ட பிள்ளை சில விநாடிகள் வரை நினைவோடுதான் இருக்கும், பேசினால் கேட்கவும் செய்யும்.

அடுத்த அரை நிமிடத்துக்குள் நாடி 120-லிருந்து 45-க்கு விழுகிறது. மேல் ரத்த அழுத்தம் 60-க்குக் கீழே போகிறது. முழங்கால்கள் மடங்கி அவள் சரிகிறாள்.

கட்டளை தலைகீழாக மாறும் கணம்

இதில் வியப்புக்குரியது அந்த அரை நிமிடம்தான். அதுவரை இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்து, ரத்தக் குழாய்களைச் சுருக்கிவைத்து, அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே நரம்பு மண்டலம் திடீரென்று நேர்மாறான இரண்டு காரியங்களைச் செய்கிறது. பரிவு நரம்புகள் மௌனமாகிவிடுகின்றன, அதனால் சுருங்கியிருந்த குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. வேகஸ் நரம்பு பலமாகச் செயல்பட்டு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. சிலருக்கு இதயம் பல விநாடிகள் துடிக்காமலே நின்று, பிறகு தானாகத் தொடங்குவதும் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் நிலைத்திருக்க வழியே இல்லை.

இவ்விரண்டில் எது முதன்மையானது என்ற கேள்விக்கு பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932-ஆம் ஆண்டிலேயே ஒரு நல்ல விடையைத் தந்தார். வேகஸ் நரம்பின் செயலைத் தடுக்கும் அட்ரோபின் என்னும் மருந்தைக் கொடுத்தபோது நாடித்துடிப்பு உயர்ந்தது, ஆனால் ரத்த அழுத்தம் தாழ்ந்தேதான் இருந்தது, மயக்கமும் நீங்கவில்லை. இதயம் மெதுவாவதைவிட ரத்தக் குழாய்கள் தளர்வதே பெரும்பாலும் மயக்கத்தின் முதன்மைக் காரணம் என்பதை அது காட்டியது. இதய மருந்துகளோ பேஸ்மேக்கர் கருவியோ இந்த மயக்கத்துக்குப் பெரிதும் பயன்படாமல் போவதற்கும், பதின்வயதினருக்கு அவற்றைப் பொதுவாக நாடாததற்கும் இதுவே அடிப்படை.

நரம்பு மண்டலம் ஏன் இப்படித் திரும்பிக்கொள்கிறது என்பது மருத்துவ அறிவியலில் இன்னும் முழுமையாகத் தீர்க்கப்படாத கேள்வி. போதிய ரத்தம் நிரம்பாத இதயம் பலமாகச் சுருங்கும்போது அதன் சுவரில் உள்ள உணர்வு நரம்புகள் தவறான செய்தியை அனுப்புகின்றன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விளக்கம். இதயமாற்று அறுவை செய்துகொண்டு, அந்த நரம்பு இணைப்புகளை இழந்தவர்களிடமும் இதே மயக்கம் காணப்பட்டிருப்பதால், அந்த விளக்கம் மட்டும் போதாது. காரணம் எதுவாயினும், இதயத்துக்கு வரும் ரத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போவதும், அதோடு வெப்பமோ வலியோ அச்சமோ சேர்வதும் இந்தத் திருப்பத்தைத் தூண்டுகின்றன என்பது உறுதி. ஊசியைக் கண்டு மயங்குபவருக்கும் வெயிலில் நின்று மயங்குபவருக்கும் இறுதியில் நிகழ்வது ஒன்றே.

விழுந்த பிறகு

மூளைக்கு ரத்தம் நின்றால் 6 முதல் 10 விநாடிகளுக்குள் நினைவு தப்பிவிடும். ஆனால் அவள் தரையில் விழுந்த கணத்திலேயே சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன, கால்களில் தேங்கியிருந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது, மூளைக்கு ஓட்டம் மீள்கிறது. பெரும்பாலும் 20, 30 விநாடிகளில் கண் திறப்பதற்குக் காரணம், படுத்த நிலையே இந்த மயக்கத்துக்கான மருத்துவமாக இருப்பதுதான்.

அதனால் விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்துவதும், நாற்காலியில் உட்காரவைப்பதும், இருவர் தோளில் தாங்கி நடத்திச் செல்வதும் நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பெரும் தவறுகள். அவை மூளையை மறுபடியும் இதயத்துக்கு மேலே உயர்த்தி, திரும்பிக்கொண்டிருக்கும் ரத்தத்தைத் தடுக்கின்றன. விழ முடியாதபடி நிமிர்த்திப் பிடிக்கப்பட்டவருக்கு மயக்கம் நீண்டு, உடல் விறைத்து வெட்டி இழுப்பதும் உண்டு. செய்ய வேண்டியது இதுதான்: நிழலான இடத்தில் மல்லாந்து படுக்கவைத்து, கால்களை ஒரு நாற்காலியின் மீதோ பைகளின் மீதோ உயர்த்திவைக்க வேண்டும். கழுத்தையும் இடுப்பையும் இறுக்கும் உடையைத் தளர்த்தலாம். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். முழு நினைவு திரும்பும் வரை வாயில் நீர் ஊற்றக் கூடாது, ஏனெனில் அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். விழுந்ததில் தலையில் அடிபட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நினைவு திரும்பியதும் எழ அவசரப்படக் கூடாது. மயக்கத்தைத் தூண்டிய வெப்பமும் நீரிழப்பும் இன்னும் அப்படியே இருப்பதால், உடனே எழுந்து நிற்பவர் இரண்டாம் முறை விழுவது வெகு சாதாரணம். பத்து நிமிடமாவது படுத்திருந்து, முகத்தில் நிறம் திரும்பிய பிறகு நீர் அருந்தி, சற்று நேரம் உட்கார்ந்திருந்து, பிறகே எழ வேண்டும். அன்று முழுவதும் சோர்வு இருக்கலாம்.

மயங்கிக் கிடக்கும்போது கைகால்கள் வெட்டுவதைப் பார்த்து வலிப்பு என்று முடிவு செய்வது மிகவும் பரவலான பிழை. ரத்தம் குறைந்த மூளை சில வெட்டுகளை உண்டாக்குவது அனிச்சை மயக்கத்தில் அடிக்கடி நிகழ்வதே, கண்கள் திறந்தபடி மேல்நோக்கிச் செருகுவதும் அவ்வாறே. இரண்டையும் பிரித்தறிய, உடனிருந்தவர் கவனித்த சில செய்திகள் மருத்துவருக்குப் பெரிதும் உதவும். மயக்கத்தில் வெட்டுகள் பத்துக்கும் குறைவாக, ஒழுங்கற்று, சில விநாடிகளில் முடிந்துவிடும். வலிப்பில் அவை பெரும்பாலும் இருபதுக்கு மேல், சீரான தாளத்தில், ஒரு நிமிடமோ அதற்கு மேலோ நீடிக்கும். மயங்கியவரின் முகம் வெளுத்திருக்கும். வலிப்பில் முகம் கருநீலமாக மாறலாம், நாக்கின் பக்கவாட்டில் கடிபட்ட காயம் இருக்கலாம். எல்லாவற்றையும்விட நம்பத்தக்க வேறுபாடு விழித்த பிறகு தெரியும். மயங்கியவர் ஒரு நிமிடத்துக்குள் தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுவார். வலிப்பு வந்தவர் பல நிமிடங்கள் குழம்பியே இருப்பார். சிறுநீர் கழிந்திருப்பது இரண்டிலும் நேரக்கூடியது என்பதால், அதை வைத்து முடிவு செய்ய இயலாது.

காலை உணவைத் தவிர்த்ததால் சர்க்கரை குறைந்துவிட்டது என்ற விளக்கமும் பொருந்துவதில்லை. சர்க்கரை குறைந்து நினைவு தப்பியவர் படுக்கவைத்தவுடன் அரை நிமிடத்தில் எழ மாட்டார், சர்க்கரை உடலுக்குள் சென்றால்தான் தேறுவார். நீரிழிவுக்கு மருந்து எடுக்காத, நலமான பிள்ளைக்கு ஒரு வேளை உணவைத் தவிர்த்ததால் அந்த அளவுக்குச் சர்க்கரை குறைவதும் அரிது. உணவைத் தவிர்த்த பிள்ளை அதோடு நீரையும் உப்பையும் தவிர்த்துவிடுகிறது என்பதே இதில் பொருட்படுத்த வேண்டிய செய்தி.

எப்போது இதை அனிச்சை மயக்கம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது

நெடுநேரம் நின்றது, வெப்பம், குமட்டல், வெளுப்பு, பார்வை இருளுதல், விரைவான தெளிவு ஆகியவை எல்லாம் சேர்ந்து இருந்தால் நிகழ்ந்தது அனிச்சை மயக்கம் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். இந்தப் படத்துக்கு ஒத்துவராத மயக்கங்களே கவலைக்குரியவை. ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது அவற்றில் முதன்மையானது. ஓடி முடித்து அசையாமல் நின்றபின் விழுவது பெரும்பாலும் அனிச்சை மயக்கமே, ஏனெனில் கால் தசைகளின் பிழிவு திடீரென்று நின்றுவிடுகிறது. ஆனால் ஓட்டத்தின் நடுவே விழுபவருக்கு இதயத் தசை தடித்திருப்பதோ துடிப்பின் மின்னோட்டத்தில் கோளாறு இருப்பதோ காரணமாகலாம். எந்த முன்னறிகுறியும் இல்லாமல் விழுவது, படுத்திருக்கும்போது மயங்குவது, நீந்தும்போதோ உரத்த ஒலியைக் கேட்டவுடனோ மயங்குவது, விழுவதற்கு முன் நெஞ்சு வலிப்பது அல்லது இதயம் தாறுமாறாகப் படபடப்பது, நெருங்கிய உறவினர் ஒருவர் இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருப்பது ஆகியவையும் அதே தட்டில் வைக்க வேண்டியவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைக் காண வேண்டும், அதுவரை பிள்ளையை விளையாட்டில் ஈடுபடுத்தக் கூடாது.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், முதல் மயக்கத்துக்குப் பிறகு ஒருமுறை ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. சில நிமிடங்களில் முடியும் அந்தச் சோதனை, மறைந்திருக்கும் மின்னோட்டக் கோளாறுகள் சிலவற்றைக் காட்டிவிடும். கதை தெளிவாக இருந்து ஈசிஜியும் இயல்பாக இருந்தால், மூளை ஸ்கேன் போன்றவை பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

வெயிலைப் பொறுத்தவரை இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. படுக்கவைத்த பிறகும் தெளிவு திரும்பாமல், பிதற்றிக்கொண்டோ தள்ளாடிக்கொண்டோ இருக்கும் பிள்ளையின் உடல் தொட்டால் கொதித்தால், அது மயக்கம் அல்ல, வெப்ப வாதமாக இருக்கலாம். அதில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி உறுப்புகளைத் தாக்குகிறது. அந்த நிலையில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும் வரை காத்திராமல், உடல் முழுவதையும் குளிர்ந்த நீரால் நனைத்துக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

அடுத்த முறை நிற்கும்போது

மயங்கி விழுந்த பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் தன் முன்னறிகுறிகளை அடையாளம் காண்பது. கொட்டாவி, குமட்டல், அனல், பார்வை மங்கல் என்று அது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே வரிசையில் வரும். முதல் அறிகுறிக்கும் விழுவதற்கும் இடையே பெரும்பாலும் அரை நிமிடமாவது கிடைக்கும், சிலருக்கு ஓரிரு நிமிடங்கள்கூடக் கிடைக்கும்.

அந்த நேரத்தில் சிறந்த செயல் படுத்துவிடுவது, முடியாவிட்டால் தரையில் குந்திவிடுவது. அதுவும் முடியாத இடத்தில், ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, தொடை, பிட்டம், வயிறு ஆகியவற்றின் தசைகளை ஒரே நேரத்தில் இறுக்க வேண்டும். இரண்டு கைவிரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிராக இழுப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். கெண்டைக்கால் தசைகள் செய்யாமல் விட்ட வேலையை இது செய்கிறது: தேங்கிய ரத்தம் மேலே பிழியப்பட்டு, சில விநாடிகளிலேயே ரத்த அழுத்தம் உயர்கிறது. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அடிக்கடி மயங்குபவர்களை ஓராண்டுக்கு மேல் கண்காணித்தபோது, வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மீண்டும் மயக்கம் வந்தது. இந்தப் பயிற்சியையும் பெற்றவர்களில் அது மூன்றில் ஒருவருக்குத்தான் வந்தது. முன்னறிகுறி மிகக் குறுகியதாக இருப்பவருக்கு இது உதவாது, அத்தகையவர் உடனே தாழ்ந்துவிடுவதே பாதுகாப்பு. தசைகளை இறுக்கித் தப்பித்த பிறகு அங்கேயே நின்றுகொண்டிருக்கவும் கூடாது. இறுக்கத்தை விட்டதும் அழுத்தம் மறுபடி சரியும் என்பதால், கிடைத்த நேரத்தை உட்காரவோ படுக்கவோ பயன்படுத்த வேண்டும்.

நிற்க வேண்டிய நாளில், முந்தைய மாலையிலிருந்தே சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகும் அளவுக்கு நீர் அருந்தியிருக்க வேண்டும். நிற்பதற்குச் சில நிமிடங்கள் முன் அரை லிட்டர் நீரை ஒரே மூச்சில் அருந்துவது, நின்று தாங்கும் நேரத்தைக் கூட்டும் என்று சோதனைகளில் தெரியவந்துள்ளது. ரத்த அழுத்தம் இயல்பாகவோ தாழ்வாகவோ உள்ள பிள்ளைக்கு உணவில் உப்பைச் சற்றுக் கூட்டலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யலாம். வரிசையில் நிற்கும்போது வெளியே தெரியாமலே குதிகால்களை உயர்த்தித் தாழ்த்துவதும், காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டுவதும், எடையை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றுவதும் தசைகளின் பிழிவைத் தொடரச் செய்யும்.

வரிசையை நடத்துபவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது. அசையாமல் நிற்கும் நேரத்தைக் குறைத்து நிழலில் நிற்கவைப்பதும், தலை சுற்றுகிறது என்று சொல்லும் பிள்ளை அனுமதி கேட்காமலே அதே இடத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று நிகழ்ச்சி தொடங்கும் முன்பே அறிவித்துவிடுவதும் போதும். கண் இருளத் தொடங்கிய பிள்ளையைத் தனியாக ஓய்வறைக்கு நடந்துபோகச் சொல்வது மட்டும் கூடாது. அந்தப் பிள்ளை பெரும்பாலும் வழியிலோ படிக்கட்டிலோ கழிவறையின் கடினமான தரையிலோ விழும். மயக்கத்தைவிட, விழுந்து தலையில் அடிபடுவதே அதற்குப் பெரிய ஆபத்து.